பார்த்து ஓகே சொல்லுங்க சார்

ராத்திரி பத்து மணிக்கு செல்போனில் ஒரு பி.டி.எஃப். வந்து விழும். திறந்தால் நூறு பக்கத்துக்குக் கணினி கக்கிய அட்டவணைகள். கூடவே ஒரு வரி: “சார், டிசைன் அனுப்பியிருக்கேன். பார்த்து ஓகே சொல்லுங்க. நாளைக்கு கான்கிரீட்.”

கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர்களில் வயதில் மூத்தவர் யாரைக் கேட்டாலும் இந்த வரி அவருக்குப் பழக்கமாக இருக்கும். இதற்கு என்ன பதில் சொல்வது? நூறு பக்கத்தையும் படிக்க ஒரு ராத்திரி போதாது. படிக்காமல் ஓகே சொன்னால் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் இல்லை. கணினி கூட்டல் கழித்தலில் தப்புவிடாது. தப்பு நடப்பதெல்லாம் அதற்குள் என்ன போட்டோம் என்பதில்தான். அதை நூறு பக்கத்தில் தேடுவதைவிட அனுப்புகிறவரே ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் மூத்தவர் காபி ஆறுவதற்குள் பிடித்துவிடுவார்.

அந்த ஒரு பக்கம் எப்படி இருக்கும்? நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மொட்டை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. எனக்கு வருகிற கடிதங்களின் சாயலில் நானே ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்.

“சார், வணக்கம். சென்னைக்குத் தெற்கே 1998-இல் கட்டிய வீடு. தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். மொட்டை மாடியில் 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைக்க வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். தொட்டியின் விட்டம் 1.8 மீட்டர், உயரம் 2.1 மீட்டர். கீழே இருக்கும் அறை 3.6-க்கு 4 மீட்டர்.

சுமை: தண்ணீர் 5,000 கிலோ. தொட்டி, மேடை, இரும்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 1,000 கிலோ வைத்திருக்கிறேன். ஆக மொத்தம் 6 டன். தளத்தின் மேல் நேராக வைக்கவில்லை. 200 மி.மீ. உயர ஐ பீம் இரண்டை அறையின் நடுவில் 1.2 மீட்டர் இடைவெளி விட்டுக் குறுக்கே போடுகிறேன். நீளம் 3.6 மீட்டர். முனைகள் இரு பக்கமும் உள்ள பழைய கான்கிரீட் பீம்களின் மேல் உட்காரும். ஒவ்வொரு முனையிலும் ஒன்றரை டன் வரும். ஐ பீம் தொய்வு 6 மி.மீ.; 12 வரை விடலாம்.

பொருள்: ஐ பீம் புதியது, ஆலைச் சான்றிதழ் உண்டு. பழைய பீம் 230-க்கு 300 மி.மீ., டேப் பிடித்து அளந்தேன். பழைய கான்கிரீட்டை எம் 20 என்று எடுத்திருக்கிறேன்; இது வீட்டுக்காரர் சொன்னது. பழைய வரைபடம் இல்லை. பீமுக்குள் என்ன கம்பி என்று தெரியாது.

கேட்க வேண்டியவை: கம்பி தெரியாத பழைய பீம் மேல் இந்தச் சுமையை ஏற்றலாமா? எம் 20 என்பதை நம்பலாமா? வெள்ளிக்கிழமை ஐ பீமை வெட்டக் கொடுக்க வேண்டும். அதற்குள் முதல் கேள்விக்காவது உங்கள் பதில் தேவை.”

அவ்வளவுதான். இதில் எனக்கு முதலில் பிடித்தது, எது அளந்தது, எது கேட்டது, எது எடுத்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்லியிருப்பது. “டேப் பிடித்து அளந்தேன்” என்பதும் “வீட்டுக்காரர் சொன்னது” என்பதும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து எண்களாக உட்கார்ந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே மரியாதை கிடைத்துவிடும்.

சுமையைப் பார்ப்போம். தொட்டியைத் தளத்தின் மேல் நேராக வைத்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால் அதன் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன். இந்தத் தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நிற்கும்; ஆக, சதுர மீட்டருக்கு இரண்டு டன். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு 150 கிலோ மட்டும். வடாம் காயவைக்கவும் கொடி கட்டித் துணி உலர்த்தவும் போட்ட தளம் அது. அதன் மேல் பதின்மூன்று மடங்கு ஏற்றக் கூடாது என்று தம்பி முடிவு செய்தது சரி. ஐ பீமின் கணக்கும் சரி. நான் போட்டுப் பார்த்தபோது அந்த இரும்பில் அனுமதித்த அழுத்தத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியிருந்தது, அவ்வளவே.

பொருளில் ‘எம் 20’ என்பதில் கண் நிற்கிறது. 15 செ.மீ. கான்கிரீட் கட்டியை 28 நாள் தண்ணீரில் பதப்படுத்தி நசுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். கம்பி கட்டிய கான்கிரீட் எம் 20-க்குக் குறையக் கூடாது என்ற விதி ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் எம் 15 போதும். 1998-இல் மேஸ்திரி “ஒன்றுக்கு ரெண்டு நாலு” என்று சிமெண்ட், மணல், ஜல்லி கலந்திருந்தால் அது எம் 15. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு எல்லோரும் சொல்லும் எண்ணைச் சொல்லியிருக்கிறார். கடிதத்தில் கட்டிய ஆண்டு இல்லாமல் இருந்திருந்தால் நானும் இதைக் கவனித்திருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் ‘ஹாம்மர் டெஸ்ட் எடுத்துவிடலாம்’ என்பார்கள். அந்தச் சுத்தியல் மேல்தோலின் கடினத்தைத்தான் காட்டும். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து இறுகியிருக்கும்; எண் உயர்ந்தே வரும். பூச்சைத் தட்டி, கொஞ்சம் உடைத்து, பினாப்தலீன் திரவம் தெளித்தால் தெரிந்துவிடும். நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும். நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் அந்தக் கம்பி துருவுக்குத் தயாராக இருக்கிறது. வலிமையே தெரிய வேண்டுமென்றால் கோர் வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கடிதத்தின் உயிர் அந்த முதல் கேள்வியில் இருக்கிறது. ஐ பீம் தாங்குகிறது, சரி; தாங்கியதை யாரிடம் கொடுக்கிறது? நான்கு மீட்டர் நீளப் பழைய பீமின் நடுப்பகுதியில் ஒன்றரை ஒன்றரை டன்னாக இரண்டு இடத்தில் இறக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் தளத்தைச் சுமக்கிற வெளிப்புறப் பீமாக இருந்தால், இதுவரை அது தாங்கிவந்த வளைவு இதனால் இரட்டிப்பைத் தாண்டும்.

இணைப்பில் சுமை இரட்டிப்பானதால் நடந்த பெரிய விபத்து ஒன்று பொறியியல் படித்தவர்களுக்கு மறக்காது. 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். முற்றத்தில் இரண்டாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் உரிய நடைபாலங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்கின. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்கியது. கடையும்போது வசதியில்லை என்று அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள்: மேல் பாலம் கூரையிலிருந்து, கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து. நம் வீட்டு உறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கயிற்றில் மேலே ஒரு முடிச்சில் ஒரு பானை, கீழே இன்னொரு முடிச்சில் இன்னொரு பானை என்றால் ஒவ்வொரு முடிச்சும் தன் பானையைத்தான் சுமக்கும். கீழ்ப் பானையை மேல் பானையின் அடியில் கட்டிவிட்டால் மேல் முடிச்சு இரண்டையும் சுமக்க வேண்டும். அங்கே முடிச்சு என்பது ஒரு நட்டும் வாஷரும். 114 பேர் செத்தார்கள். பழைய வரைபடமே விதி கேட்ட வலிமையை எட்டவில்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது வேறு கதை. மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. ‘இந்த நட்டுக்கு இப்போது எவ்வளவு வருகிறது?’ என்று எண்ணோடு யாரும் யாரையும் எழுதிக் கேட்கவில்லை.

நம் தம்பி கேட்டுவிட்டார். அதனால் பதிலும் எளிது. ஒன்றரை டன் பீமின் நடுவுக்குத்தான் பெரிய சுமை. இரண்டு தளத்தைச் சுமந்து நிற்கும் தூணுக்கு அது பெரிதல்ல. நான்கு தூண்களின் தலையிலும் கம்பி கட்டிக் குட்டைத்தூண் எழுப்பி, பழைய பீமுக்கு நேர் மேலே, அதைத் தொடாமல், அதே 200 மி.மீ. ஐ பீம் இன்னும் இரண்டு போடச் சொன்னால் போதும். குறுக்குப் பீம்கள் அவற்றின் மேல் உட்காரும். பழைய பீமின் கம்பி ரகசியம் ரகசியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு தூணில் மட்டும் பூச்சைத் தட்டிப் பார்த்து, அளவையும் கம்பியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன்.

கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. சுமைப் பத்தியை மறுபடி படியுங்கள்: தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கிறது. சென்னையில் கணக்குக்கு எடுக்கும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று இந்தத் தொட்டியின் பக்கவாட்டில் 400 கிலோ அளவுக்குத் தள்ளும், தொட்டியின் அடியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே. காலித் தொட்டியின் எடை நூறு நூற்றைம்பது கிலோ இருக்கும். அதைக் கவிழ்க்கக் காற்றில் கால்வாசி பலம் போதும். நூறு பக்க அட்டவணையில் இந்த இல்லாமை கண்ணில் படாது. நான்கு வரிப் பத்தியில் ‘காற்று’ என்ற சொல் இல்லாதது பளிச்சென்று தெரிகிறது. தொட்டியை இரும்புப் பட்டை போட்டு மேடையோடு கட்ட வேண்டும், மேடையை ஐ பீமோடும் ஐ பீமைக் குட்டைத்தூணோடும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்பது என் பதிலின் கடைசி வரி.

மொட்டை மாடியில் பெரிய தொட்டி வைக்கப்போகிறவர்கள் உங்கள் பொறியாளரிடம் இப்படி ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள், அடுத்த புயல் எச்சரிக்கை வந்ததும் மின்சாரம் போவதற்கு முன் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். அதன் அடியில் தாங்க ஆள் இருக்கிறதா என்பதை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.