நிலத்தைக் காட்டும் வரைபடம், மக்களைக் காட்டும் வரைபடம்

தமிழ்நாட்டின் மாவட்ட வரைபடம் ஒன்றை ஏ4 தாள் நிறைய வரைவோம். தாளில் ஒரு சதுர சென்டிமீட்டர், தரையில் 500 சதுர கிலோமீட்டர். இந்தக் கணக்கில் மாநிலம் முழுவதும் சுமார் 260 சதுர செ.மீ. இடத்தை அடைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்த 32 மாவட்டங்களையே எடுத்துக்கொள்வோம். அன்றைய சென்னை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 175 சதுர கி.மீ. தான். ஆகவே தாளில் அதற்குக் கிடைப்பது 0.35 சதுர செ.மீ. பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் கொண்ட ஒரு சின்னக் கட்டம். அதற்குள் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள்.

நிலத்தின் பரப்பைக் காட்டுவதற்கு இந்த வரைபடம் மிகச் சரியானது. சிக்கல் எப்போது வருகிறது என்றால், இதே வரைபடத்தில் மக்களைப் பற்றிய ஒரு தகவலை வண்ணமாகத் தீட்டும்போதுதான். எழுத்தறிவு, வறுமை, தடுப்பூசி, தேர்தல் முடிவு என்று நாம் பத்திரிகைகளில் பார்க்கும் பெரும்பாலான வண்ண வரைபடங்கள் மக்களைப் பற்றியவை. ஆனால் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மை என்பதைத் தீர்மானிப்பது நிலப்பரப்பு. நம் கண்ணோ, எந்த நிறம் அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ அதையே பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்கிறது.

நகர்ப்புற மக்களின் விகிதத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். வடகிழக்கு மூலையில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 8,000 சதுர கி.மீ. தென்கிழக்கில் சிவகங்கையும் ராமநாதபுரமும் சேர்ந்து 8,300 சதுர கி.மீ. தாளில் இரண்டு மூலைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தலைக்கு 16 சதுர செ.மீ. முதல் மூலையில் சென்னை முழுக்க நகரம். மற்ற இரண்டு மாவட்டங்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நகரவாசிகள். அங்கே அடர்ந்த நிறம். சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் 30 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அங்கே வெளிறிய நிறம். பார்ப்பவருக்கு ஒன்றுக்கொன்று சரிசமமாகத் தெரியும். உண்மையில் முதல் மூலையில் 1 கோடியே 23 லட்சம் பேர், இரண்டாவதில் 27 லட்சம் பேர். சமமான இரண்டு பகுதிகள்போல் தெரிபவை, மக்களை எண்ணினால் நான்கரை மடங்கு வித்தியாசத்தில் நிற்கின்றன.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கான வரைபட வகைதான் கார்ட்டோகிராம். ஒவ்வொரு பகுதியின் பரப்பையும் அங்குள்ள மக்கள்தொகைக்கு ஏற்றபடி வீங்கவோ சுருங்கவோ விட்டு, பக்கத்து மாவட்டம் பக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதே 260 சதுர செ.மீ. இடத்தை 7.21 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 2.77 லட்சம் பேர் வருவார்கள். சென்னைக்கு 16.7 சதுர செ.மீ. கிடைக்கும். 6 மில்லிமீட்டர் கட்டம் 4 சென்டிமீட்டர் கட்டமாக, அதாவது பரப்பில் 48 மடங்காக வளர்கிறது. வடகிழக்கு மூலை 16-லிருந்து 44 சதுர செ.மீ.க்கு மேல் விரிகிறது. தென்கிழக்கு மூலை 10-க்கும் கீழே ஒடுங்குகிறது.

பக்கத்து மாவட்டங்களைப் பிய்க்காமல் இதை எப்படிச் செய்வது? பல காலம் கையாலும் பிறகு கணினியாலும் பலர் முயன்றார்கள். இன்று பரவலாகப் பயன்படும் வழியை 2004-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கேஸ்ட்னரும் மார்க் நியூமனும் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, திரவத்தில் ஒரு பொருள் பரவும் இயற்பியல் விதி. தண்ணீரில் விட்ட மைத்துளி செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவி, கடைசியில் எங்கும் ஒரே செறிவாகிறது அல்லவா? அந்தக் கணக்கை மக்கள் அடர்த்திக்குப் பொருத்தினார்கள். 2011-ல் சென்னையில் ஒரு சதுர கி.மீ.க்கு 26,000-க்கும் மேற்பட்டோர். மாநில சராசரி 555. கணினிக்குள் இந்த அடர்த்தியை எங்கும் 555 ஆகும்வரை பரவ விடுகிறார்கள். பரவும்போது மாவட்ட எல்லைக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் அந்த ஓட்டத்தோடு இழுபட்டு நகர்கிறது. எல்லாம் சமமாகி ஓட்டம் நின்றதும் கோடுகள் எங்கே நிற்கின்றனவோ, அதுவே புதிய வரைபடம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடலிலும் பக்கத்து மாநிலங்களிலும் என்ன அடர்த்தி என்று வைப்பது? பூஜ்யம் என்று வைத்தால் சென்னையின் மக்கள்தொகை முழுவதும் வங்காள விரிகுடாவுக்குள் பாய்ந்துவிடும். மாநிலமே வெளிப்பக்கமாகக் கரைந்து பரவிக்கொண்டே போகும். அதனால் வெளியே உள்ள இடம் முழுவதையும் மாநில சராசரியான 555-ஆல் நிரப்பிவிடுகிறார்கள். வெளியிடம் அழுத்திப் பிடிப்பதால் மாநிலத்தின் மொத்தப் பரப்பு மாறாமல் நிற்கிறது. உள்ளே பங்கீடு மட்டும் மாறுகிறது. கேஸ்ட்னரும் சகாக்களும் 2018-ல் இதைவிட வேகமான ஒரு முறையை வெளியிட்டார்கள். go-cart.io என்ற இணையதளத்தில் எண்களைக் கொடுத்து யாரும் இப்படி ஒரு வரைபடத்தை வரையலாம்.

பரப்பு மக்கள்தொகையைக் காட்டத் தொடங்கியதும் நிறம் செய்யும் வேலையும் மாறிவிடுகிறது. பரப்பு என்பது எத்தனை பேர். நிறம் என்பது அவர்களில் எத்தனை சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும். தென்கிழக்கு மூலையின் 9.7 சதுர செ.மீ.யில் 30 சதவீதம் என்றால் சுமார் 3 சதுர செ.மீ., அதாவது 8 லட்சம் நகரவாசிகள். வடகிழக்கில் அதே கணக்கு 96 லட்சத்தைத் தருகிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்களில் கால் பங்குக்கும் மேலானவர்கள் அந்த ஒரு மூலையில் இருக்கிறார்கள். சாதாரண வரைபடத்தில் ஒளிந்துகிடந்த இந்தச் செய்தி இங்கே மையின் அளவாகவே கண்ணில் படுகிறது.

நோய்களைப் பற்றிய ஆய்வில் இதன் பயன் இன்னும் கூர்மையானது. கேஸ்ட்னரும் நியூமனும் தங்கள் கட்டுரையிலேயே ஓர் உதாரணம் காட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆண்களுக்கு வந்த நுரையீரல் புற்றுநோயை, பத்து நோயாளிகளுக்கு ஒரு புள்ளி என்று சாதாரண வரைபடத்தில் வைத்தால், புள்ளிகள் நியூயார்க் நகரைச் சுற்றிக் குவிகின்றன. நகரக் காற்றுதான் காரணமோ என்று தோன்றும். கார்ட்டோகிராமில் அதே புள்ளிகள் ஏறத்தாழ சீராகப் பரவிவிடுகின்றன. மக்கள் அங்கே அதிகம் என்பதால் நோயாளிகளும் அங்கே அதிகம். குவியலில் பெரும்பகுதி அவ்வளவே. மக்கள்தொகையைச் சமமாக்கிய பிறகும் ஓரிடத்தில் புள்ளிகள் நெருக்கமாக நின்றால், அங்கே வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

தேர்தல் இன்னொரு தெளிவான இடம். சென்னை மாவட்டத்துக்கு 16 சட்டமன்றத் தொகுதிகள், ராமநாதபுரத்துக்கு 4. ஏ4 தாளில் அந்த 16 தொகுதிகளும் 6 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் நெருக்கியடிக்கும். நிறம் தீட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தொகுதிக்கு ஓர் அறுகோணம் என்று 234 சம அளவுக் கட்டங்களை அடுக்கும் வரைபடமும் கார்ட்டோகிராம் வகைதான். சட்டமன்றத்தில் ஒரு தொகுதிக்கு ஓர் இடம் என்பதால் அங்கே எண்ண வேண்டியது தொகுதிகளை. அந்தக் கேள்விக்கு இதுவே நேர்மையான படம்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் கார்ட்டோகிராம் பொருந்தாது. மழை, காடு, நிலத்தடி நீர், பயிர்ப் பரப்பு ஆகியவை நிலத்தைப் பற்றியவை. நீலகிரியின் காட்டை அங்குள்ள ஏழு லட்சம் மக்களுக்கு ஏற்றபடி சுருக்கிக் காட்டினால் படம் பொய் சொல்லும். ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எந்தக் கிராமத்துக்கு எந்த மருத்துவமனை பக்கம் போன்ற கேள்விகளுக்கு உண்மையான தூரம் வேண்டும். கார்ட்டோகிராமில் தூரத்துக்கு அர்த்தமே இல்லை. பகுதிகளின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் இதற்குத் தேவையில்லை. வாசகர் தன் ஊரைக் கண்டுபிடிக்கத் திணறுவார். அதற்கு ஈடாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

சரியான இடத்தில் பயன்படுத்தும்போதும் தவறுகள் நேர்வதுண்டு. விகிதத்துக்குப் பதில் எண்ணிக்கையையே நிறமாகத் தீட்டுவது அதில் முதல். சென்னை ஏற்கனவே வீங்கியிருக்கிறது. நகரவாசிகளின் எண்ணிக்கையால் நிறமும் அடர்ந்தால் ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னதாகும். தவறான மக்கள்தொகையை எடுப்பது இன்னொன்று. கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே பரப்பும் அவர்களைக் கொண்டே அமைய வேண்டும். சிசு மரணத்துக்குப் பிறப்புகள், தேர்தலுக்கு வாக்காளர்கள். சதவீதத்தைக் கணக்கிட எதனால் வகுத்தார்களோ, அதுவே பரப்பாக வர வேண்டும்.

ஒரு கார்ட்டோகிராம் ஒழுங்காக வரையப்பட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. நான்கைந்து மாவட்டங்களின் பரப்பைப் படத்தில் அளந்து, மக்கள்தொகையை அதனால் வகுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வர வேண்டும். மூலையில் ‘இந்தக் கட்டம் இத்தனை லட்சம் பேர்’ என்று ஒரு குறிப்பும், பக்கத்தில் வழக்கமான வரைபடம் ஒன்றும் இருந்தால் வாசகருக்கு வழி தவறாது.

சோதனையில் தேறிய படத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்குள் மக்கள் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. 2011-ன் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தாம்பரமும் பல்லாவரமும் இருந்தன. உத்திரமேரூரைச் சுற்றிய கிராமங்களும் இருந்தன. மாவட்ட அளவில் வரைந்தால் தாம்பரத்தின் நெரிசலுக்காக உத்திரமேரூரின் வயல்களும் சேர்ந்து வீங்கும். தாலுகா வாரியாக எண்களைக் கொடுத்தால் வீக்கம் சென்னையை ஒட்டிய ஓரத்துக்கு ஒதுங்கி, வயல்கள் தம் அளவுக்கு இறங்கிவிடும். எனவே எந்தப் படத்தையும் வரையத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: எண்ணப் போவது நிலத்தையா, மக்களையா? மக்களை என்றால், எந்த மக்களை, எவ்வளவு சிறிய பகுதிகளாக? முதல் கேள்வி எந்த வகை வரைபடம் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேள்வி அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தீர்மானிக்கும்.