ஓரத்தில் ஒரு கேள்வி

புதிய நிருபர் ஒருவர் இரவு எட்டு மணிக்குக் காப்பி அனுப்புகிறார். டெஸ்க்கில் இருக்கும் துணை ஆசிரியர் அதைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறார். காலையில் பேப்பரைப் புரட்டும் நிருபருக்குத் தன் பெயரில் வேறு யாரோ எழுதியது போல ஒரு செய்தி கிடைக்கிறது. எது மாறியது, ஏன் மாறியது என்று தெரியாது. அடுத்த வாரமும் அதே தவறோடு காப்பி வரும்.

வேர்டில் Track Changes, கூகுள் டாக்ஸில் Suggesting என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டுத் திருத்தினால், வெட்டிய சொல் கோடு போட்டு நிற்கும். சேர்த்த சொல் வேறு நிறத்தில் தெரியும். பக்க ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்படி ஒரு காப்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “நகராட்சியில் 150 ரூபாயாக இருந்த குடிநீர்க் கட்டணம், 50 சதவீதம் உயர்த்தப்பட்டு 200 ரூபாய் ஆகியுள்ளதாகக் கூறப்படுகிறது. இதனால் பொதுமக்கள் கடும் அதிர்ச்சி அடைந்துள்ளனர்.”

கணக்குத் தெரிந்த துணை ஆசிரியருக்கு உடனே கை துறுதுறுக்கும். 150-க்கு மேல் 50 ரூபாய் என்றால் 33 சதவீதம்தானே? நிருபர் ரூபாயையும் சதவீதத்தையும் குழப்பிவிட்டார் என்று 50-ஐ 33 ஆக்கிவிடுவார். அதற்குப் பதில் ஓரத்தில் ஒரே வரி: “150-லிருந்து 200 என்றால் 33% வருகிறது. எந்த எண் சரி? குறிப்பேட்டைப் பார்க்கவும்.” நிருபர் பார்க்கிறார். வீட்டு இணைப்புக்கு 100 ரூபாய் 150 ஆகியிருக்கிறது. 150 ரூபாய் 200 ஆனது கடை இணைப்புக்கு. வீட்டுக்கான சதவீதத்தையும் கடைக்கான தொகையையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டார். சதவீதம் சரி, ரூபாய்தான் தவறு. துணை ஆசிரியரின் ‘திருத்தம்’ அச்சாகியிருந்தால் வீட்டுக்காரர்கள் மறுநாள் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள்.

நிருபருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தில் நாம் கை வைக்கக் கூடாது, கேட்க வேண்டும். பெயர், எண், தேதி, யார் சொன்னது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். நமக்கே நிச்சயமாகத் தெரிந்த மொழிப் பிழையை நாமே திருத்திவிடலாம்.

அடுத்தது ‘கூறப்படுகிறது’. தமிழ்ச் செய்தி எழுத்தில் நிருபருக்கு வாகான ஒளிவிடம் இது. வெட்டிவிட்டால் நிருபருக்குப் புரியாது. “யார் கூறியது? மன்றத் தீர்மானமா, ஆணையரா?” என்று கேட்டால் அவரே விசாரித்து எழுதுவார். ‘பொதுமக்கள் அதிர்ச்சி’க்கும் அப்படித்தான்: “யாரிடம் பேசினீர்கள்? ஒருவர் சொன்னதைப் போடலாமா?” பதில் இல்லையென்றால் அந்த வரி போகட்டும்.

கட்டணம் எந்த மாதம் முதல் அமலுக்கு வருகிறது என்பது காப்பியின் நான்காம் பத்தியில் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவந்தால் திரையில் பெரிதாக ஓர் அழிப்பும் ஒரு சேர்ப்பும் தெரியும், நிருபர் மிரண்டுபோவார். “கட்டணம் செலுத்துகிறவர் முதலில் தேடுவது இதை” என்று காரணத்தை ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து அளவு மீறுவது. ஒற்றுப்பிழை, இடைவெளி, கால்புள்ளி என்று எல்லாவற்றையும் பதிவு செய்தால் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும். நிருபர் ஒன்றையும் படிக்காமல் Accept All அழுத்திவிட்டுப் போவார். நான் சொல்வது: முதலில் Track Changes-ஐ நிறுத்திவைத்துச் சில்லறைப் பிழைகளைச் சரிசெய்யுங்கள். பிறகு இயக்கி, பொருள் மாறும் திருத்தங்களை மட்டும் செய்யுங்கள். ஒரே ஒற்றுப்பிழை பத்து இடத்தில் வந்தால், அதற்கு ஓரத்தில் ஒரு குறிப்பு போதும். கேலி வேண்டாம்; அந்தக் கோப்பை வேறு நாலு பேரும் திறப்பார்கள்.

கேள்வியை வரிக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் எழுதுவது இன்னொரு பழக்கம். 2014-இல் ‘எத்தாலஜி’ என்ற ஆய்விதழில் மீன்களைப் பற்றிய கட்டுரை ஒன்று, இன்னொருவரின் ‘உருப்படாத கட்டுரையை’ இங்கே சுட்ட வேண்டுமா என்று எழுதியவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட அடைப்புக்குறி வரியோடே வெளியாகிவிட்டது. மெய்ப்பையும் தாண்டி! ஆகவே கேள்வி ஓரத்திலேயே இருக்கட்டும். வேர்டில் No Markup வைத்தால் திருத்தங்கள் கண்ணுக்கு மறையுமே தவிர கோப்பை விட்டுப் போகாது. பக்கத்துக்கு அனுப்பும் முன் திருத்தங்களை ஏற்று, குறிப்புகளை நீக்கிவிட வேண்டும்.

இரவு பத்து மணிக்கு இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். எண்ணையும் பெயரையும் போனில் கேட்டுச் சரிபாருங்கள். மற்றதை நேரடியாகத் திருத்தி அனுப்புங்கள். ஆனால் நிருபர் அனுப்பிய மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மறுநாள் வேர்டில் Review பகுதியிலுள்ள Compare-இல் இரண்டு கோப்புகளையும் கொடுத்தால், நீங்கள் மாற்றிய அத்தனையும் குறிகளோடு வந்து நிற்கும். அதில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் காரணம் எழுதி, அவர் அடுத்த காப்பியைத் தொடங்கும் முன் அனுப்பிவையுங்கள்.