நடுவில் சண்டை போடும் இருவர் யார்?

கோவில் சிற்பத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், நம் கண் நேராக அவர்களிடம்தான் போகும். நானும் பல வருஷம் அப்படித்தான் பார்த்தேன், பல தடவை தப்பாகவும் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் சண்டை போடுகிற இருவரும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒரே உயரம், ஒரே அலங்காரம், கையில் ஒரே ஆயுதம். விடை ஓரத்தில் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது கம்போடியாவின் பந்தே ஸ்ரே கோவில்.

அங்கோருக்கு வடகிழக்கே, கி.பி. 967-ல் பிரதிஷ்டையான சிவன் கோவில் அது. செம்மணற்கல்லில் கட்டியது. அங்கே கோபுரம் என்றால் நம்மூர் ராஜகோபுரம் போல அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. சின்ன வாசல் கட்டடம்தான். வாசலுக்கு மேலே இருக்கும் முகப்புப் பலகையில் ஒரு கதையைச் செதுக்கியிருப்பார்கள். அதன் மேற்குக் கோபுர முகப்புகளில் இருந்த இரண்டு சண்டைக் காட்சிகளைப் பார்ப்போம்.

முதல் காட்சியில் இரண்டு குரங்குகள் கட்டிப் புரள்கின்றன. வாலி, சுக்ரீவன் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் எது வாலி? ராமனுக்கே இந்தக் குழப்பம் வந்தது. முதல் சண்டையில் அடையாளம் தெரியாமல் அம்பு விடாமல் நின்றான். பிறகு சுக்ரீவன் கழுத்தில் மாலை போட்டு அனுப்பினான். ஆகவே வாலி வதம் எங்கே பார்த்தாலும் முதலில் மாலையைத் தேடுங்கள். இருந்தால் அவன் சுக்ரீவன், அது இரண்டாவது சண்டை.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு பக்கம் ராமன் வில்லை வளைக்கிறான். மறு பக்கம் ஒரு குரங்கு சாய்ந்து கிடக்க, ஒரு பெண் தாங்கிப் பிடித்திருக்கிறாள். எண்ணினால் மூன்று குரங்கு ஆண்கள். மூன்றாவது ஆள் யார் என்று தேடினால் கிடைக்க மாட்டான். கிடப்பவனும் வாலிதான், தாங்குபவள் தாரை. சண்டை, அம்பு, மரணம் என்று அடுத்தடுத்து நடந்ததை ஒரே பலகையில் வைத்திருக்கிறார்கள். உருவங்களின் எண்ணிக்கையும் பாத்திரங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆள் அதிகமாக வந்தால், யாராவது இரண்டு தடவை வந்திருக்கிறார்களா என்று பாருங்க.

இரண்டாவது பலகை இப்போது புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு வீரர்கள் கதாயுதத்தோடு மோதுகிறார்கள். போட்டோவில் முதலில் பார்த்தபோது ‘கதை இருக்கு, அப்போ பீமன்’ என்றேன். அதுவரை சரி. எதிரி ஜராசந்தன் என்று நானே முடிவு கட்டினேன். அது தப்பு. கதாயுதம் பீமனைக் காட்டிக்கொடுக்கும், எதிரியைக் காட்டிக்கொடுக்காது.

ஓரத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். அங்கே ஒருவர் கையில் கலப்பை. பலராமர் தவிர வேறு யாரும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவதில்லை. நான்கு கை உள்ள ஒருவர், அதாவது கிருஷ்ணர், அவரைப் பிடித்து நிறுத்துகிறார். மற்ற பாண்டவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இப்போது கதையை ஓட்டிப் பாருங்கள். பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதை சொல்லிக் கொடுத்தவர் பலராமர். தீர்த்த யாத்திரை போனவர் கடைசி நாள் சண்டைக்கு வந்து சேர்கிறார். இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதியை மீறி பீமன் தொடையில் அடித்ததும், கோபத்தில் கலப்பையை ஓங்குகிறார், கிருஷ்ணர் தடுக்கிறார். ஆகவே இது துரியோதனன் வீழும் காட்சி. ஜராசந்தனோடு பீமன் செய்தது மல்யுத்தம். கூடப் போனதும் கிருஷ்ணரும் அர்ச்சுனனும் மட்டும்தான். அங்கே பலராமருக்கு வேலையே இல்லை.

ஆக, நான் பின்பற்றும் வரிசை இதுதான். ஆயுதத்தை வைத்து ஒரு பெயரை ஊகிக்கிறேன். கூட இருப்பவர்களை வைத்து அந்தக் கதையில் எந்தக் கட்டம் என்று சுருக்குகிறேன். கடைசியில் அந்தக் கட்டத்துக்கு முன்னும் பின்னும் நடப்பது பலகையில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன். ஒரு உருவமாவது கதையில் பொருந்தாமல் நின்றால், என் ஊகம்தான் தப்பு என்று எடுத்துக்கொள்வேன்.

நம்மூர்க் கோபுரங்களில் இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. மேல் நிலைகளில் இருப்பவை பெரும்பாலும் சுதைச் சிற்பங்கள். கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி நடக்கும்போது உடைந்த கையையும் ஆயுதத்தையும் புதிதாகச் செய்து ஒட்டி வர்ணம் அடிப்பார்கள். கலப்பை இருந்த இடத்தில் கதாயுதம் வந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் சுதையில் ஆயுதத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். யார் யாரைப் பிடித்து நிறுத்துகிறார், யார் மடியில் யார் கிடக்கிறார் என்பதைப் பாருங்கள். ஒரு கையை மாற்றுவது சுலபம், முழுக் காட்சியையும் மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.