சொல் முந்தினால் எழுத்து, எழுத்து முந்தினால் சொல்

பள்ளிகளில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் இருந்த காலத்தில், ஆசிரியர்கள் கண்ணாடித் தாளின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மூடி, பேசப் பேச ஒவ்வொரு வரியாகக் கீழே இழுப்பார்கள். இன்று பவர்பாயிண்ட் அனிமேஷன் செய்வது அதே வேலைதான். தாளை இழுத்த விரலுக்குத் தான் என்ன பேசுகிறோம் என்று தெரியும். ரிமோட் பொத்தானுக்குத் தெரியாது. வரிசையை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

ஐந்து வரிகளையும் ஒரேயடியாகக் காட்டினால் என்ன குறை? பேசுவதைவிடப் படிப்பது வேகமானது. பேசுபவர் முதல் வரியை விளக்கும்போதே கேட்பவர்கள் கடைசி வரியில் இருப்பார்கள். கலிஃபோர்னியாவின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 1991இல் ஆண்டர்சனுடன் சேர்ந்து வெளியிட்ட சோதனைகளில், சைக்கிள் பம்பு வேலை செய்யும் விதத்தை அசையும் படமாகக் காட்டினார். விளக்கத்தைப் படத்தோடு சேர்த்துக் கேட்டவர்கள், இரண்டையும் தனித்தனியாகப் பெற்றவர்களைவிடப் புதிய சிக்கல்களுக்கு நன்றாக விடை கண்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு செவிலியர் ஓ.ஆர்.எஸ். கரைக்கச் சொல்லித்தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் நான்கே வரிகள்: ‘சோப்புப் போட்டுக் கை கழுவுதல்’, ‘ஒரு லிட்டர் குடிநீர்’, ‘முழுப் பாக்கெட்’, ‘24 மணி நேரம்’. முதலில் எழுத வேண்டியது பேச்சைத்தான். அதற்குள்தான் கிளிக் குறி விழ வேண்டும்:

“பாக்கெட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? [கிளிக்] ஆமா, கை கழுவணும். அடுத்து தண்ணி. எவ்வளவு? [கிளிக்] டம்ளர் கணக்கு வேணாம்க்கா, லிட்டர் பாட்டில்ல அளந்து ஊத்துங்க. சிலர் பாதித் தூளைப் போட்டுட்டு மீதியை மடிச்சு வச்சிடுறாங்க. அப்படிச் செஞ்சா உப்பு, சர்க்கரை அளவு மாறிடும். [கிளிக்] மொத்தத்தையும் கொட்டணும். கரைச்சது மிஞ்சினா எத்தனை நாள் வச்சுக்கலாம்? [கிளிக்] ஒரே நாள்தான்.”

மூன்றாவது கிளிக்கைக் கவனியுங்கள். மற்ற மூன்றும் கேள்வி முடிந்த கையோடு வருகின்றன. இது மட்டும் தவறான பழக்கத்தைச் சொல்லி, காரணத்தையும் சொன்ன பிறகே வருகிறது. ‘முழுப் பாக்கெட்’ என்ற விடை முன்பே திரையில் இருந்தால், பாதி பாக்கெட் கதையை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். நான்கு குறிகளில் யோசித்து வைக்க வேண்டியது இதுதான். இன்னொன்று: திரையில் உள்ள சொற்களைச் செவிலியர் அப்படியே வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் கண் முன்னே ஓட, காது பின்னால் இழுபடும்.

பேச்சு எழுதி முடிந்த பிறகே கணினிக்குப் போக வேண்டும். பெட்டிக்கு Appear போன்ற எளிய அனிமேஷனைக் கொடுத்து, Effect Options-இல் By Paragraph-ஐத் தேர்ந்தால் வரிகள் தனித்தனியாகப் பிரியும். பக்கவாட்டிலிருந்து பறந்து வரும் வகைகளைத் தவிர்ப்பது நல்லது. வரி வந்து நிற்பதற்குள் சொல் கடந்துவிடும். அனிமேஷன் தாவல் திறந்திருக்கும்போது ஒவ்வொரு வரியின் இடப்பக்கமும் ஒரு சிறிய எண் தெரியும். அது எத்தனையாவது கிளிக் என்பதைக் காட்டும். எழுத்தில் நான்கு குறி இருந்தால் திரையில் 1 முதல் 4 வரை இருக்க வேண்டும். இரண்டு வரிகளுக்கு ஒரே எண் இருந்தால் அவை ஒரே கிளிக்கில் வரும். 0 இருந்தால் அந்த வரி எந்தக் கிளிக்குக்கும் காத்திராது.

பிழை பெரும்பாலும் கடைசி நேரத் திருத்தத்தில்தான் நுழைகிறது. கூட்டத்துக்கு முந்தைய இரவு, ‘ஆறிய நீர்’ என்று இரண்டாம் வரிக்கு அடியில் ஒரு துணைவரியைச் சேர்க்கிறார் செவிலியர். முதல்நிலை வரிகளின்படி பிரிக்கப்பட்ட பெட்டியில் துணைவரி தாய்வரியோடு சேர்ந்தே தோன்றும். பேச்சிலோ அதற்கு ஒரு தனிக் குறி இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு கிளிக்கும் ஒரு படி முந்தி ஓடும். பாதி பாக்கெட் கதை தொடங்கும் முன்பே ‘முழுப் பாக்கெட்’ வந்து நிற்கும். எண்களை மட்டும் மறுபடி பார்த்திருந்தால் இது முன்னிரவிலேயே பிடிபட்டிருக்கும். மேடையில் நடந்துவிட்டால் விசைப்பலகையில் P-ஐ அழுத்தினால் ஒரு படி பின்னால் போகும்.

இந்த ஏற்பாடு கேள்விகளைத் தாங்காது. “தண்ணி கொதிக்க வச்சதா இருக்கணுமா?” என்று முதல் வரியிலேயே யாராவது கேட்டால் வரிசை உடையும். அப்போது ரிமோட்டைத் தொடாமல் வாயால் பதில் சொல்லிவிட்டு, விட்ட குறிக்கே திரும்புவது பாதுகாப்பு. கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாலோ அனிமேஷன் எதுவும் மிஞ்சாது. நான்கு வரிகளும் ஒன்றாகவே தெரியும். செவிலியர் அனுப்பும் பிரதியில் பாதி பாக்கெட் பற்றிய எச்சரிக்கை இருக்க வேண்டுமென்றால், அதையும் ஒரு வரியாக அச்சிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.