பெட்டிக்கு வெளியே இருக்கும் வரி

பொறியியல் கல்லூரியில் ஒரு யூனிட் முடிந்தால் அதற்கான பிபிடி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிடும். தொண்ணூறு ஸ்லைடு என்பது இன்று சாதாரணம். படம், வரலாறு, டெரிவேஷன், மாதிரிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். தேர்வு நெருங்கும்போது பையன்கள் செய்கிற வேலை ஒன்றுதான்: வண்ணப் பெட்டிக்குள் இருக்கும் சமன்பாடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது. ஃபார்முலா ஷீட் தயார் என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போது விடை பத்து மடங்கு தவறிப்போகும். எழுதிய ஃபார்முலா ஒவ்வொன்றும் சரி. எது எங்கே செல்லும் என்பதுதான் தாளில் இல்லை.

தேர்வறைக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் ‘பிட்’ வேறு சங்கதி. படிக்கும்போதும், பின்னால் வேலையிலும் கையில் வைத்துக்கொள்ளும் தாளைத்தான் இங்கே சொல்கிறேன். மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் மூன்று துறை மாணவர்களுக்கும் பொதுவான ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: குழாயில் நீர் ஓடும்போது எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்பது.

அந்த பிபிடியில் ஹேகன், பொய்சுவே பெயரால் வழங்கும் சமன்பாடு ஒன்று வரும்: Δp = 128 μ L Q / (π D⁴). இதைத் தருவிக்க ஏழெட்டு ஸ்லைடு ஓடும். முதல் ஸ்லைடின் மூலையில், சின்ன எழுத்தில், ‘ஓட்டம் வரிச்சீரானது, நேரத்தோடு மாறாதது, குழாய்க்குள் முழுமையாக உருப்பெற்றது, திரவம் நியூட்டனின் பாகுநிலை விதிக்குக் கட்டுப்பட்டது’ என்று இருக்கும். பெட்டி போட்ட விடை எட்டாவது ஸ்லைடில். இரண்டுக்கும் நடுவில் நுண்கணிதம். நாம் தூக்கி எறிய வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான். ஆனால் அதோடு சேர்ந்து மூலையில் இருந்த வரியும் போய்விடுகிறது.

ஆகவே பிபிடியைச் சுருக்கும்போது பெட்டியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இந்தச் சமன்பாடு எந்த அனுமானத்தில் தொடங்கியது என்று தேடி, அதைக் கணக்குப் போடுகிறவர் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவத்தில் எழுத வேண்டும். ‘வரிச்சீர் ஓட்டம்’ என்று எழுதினால் போதாது. அதை எப்படித் தெரிந்துகொள்வது? ரெனால்டு எண் 2000க்குக் கீழே இருக்க வேண்டும். ‘முழுமையாக உருப்பெற்றது’ என்பதும் அப்படியே. குழாயின் வாயிலிருந்து ஏறத்தாழ 0.06 × Re × D தூரம் கடந்த பிறகே ஓட்டம் உருப்பெறும். 25 மில்லிமீட்டர் குழாயில் ரெனால்டு எண் 2000 என்றால் அந்தத் தூரம் 3 மீட்டர். ஒன்றரை மீட்டர் குழாய்க்கு இந்த ஃபார்முலாவைப் போட்டால் உண்மையான இழப்பைவிடக் குறைவாகத்தான் விடை வரும்.

இதனால்தான் தாளின் தலையில் பெர்னோலியை எழுதாமல் ரெனால்டு எண்ணை எழுதச் சொல்வேன். பிபிடியில் அது நடுவில் எங்கோ வரும். 1883இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாயத்தை விட்டுப் பார்த்த படத்தோடு வரும். பாடம் நடத்துவதற்கு அந்த வரிசை சரி. கணக்குப் போடுகிறவருக்கோ முதல் கேள்வியே ஓட்டம் எந்த வகை என்பதுதான். பிபிடியின் வரிசையைத் தாள் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய். உள்விட்டம் 25 மி.மீ., நீளம் 20 மீட்டர், நொடிக்கு அரை லிட்டர் தண்ணீர். குறுக்குப் பரப்பு 0.000491 சதுர மீட்டர். எனவே சராசரி வேகம் நொடிக்கு 1.02 மீட்டர். தண்ணீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோ. பாகுநிலை 20 டிகிரியில் 0.001 பாஸ்கல்-நொடி. ரெனால்டு எண் சுமார் 25,500 வருகிறது. ஓட்டம் சுழற்சி ஓட்டம். கல்லூரியில் டர்புலன்ட் என்பார்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தாராளமாகத் திறந்தால் அநேகமாக எப்போதும் இப்படித்தான்.

உராய்வால் வரும் இழப்புக்கு டார்சி–வெய்ஸ்பாக் சமன்பாடு. நிபந்தனை எழுதாத தாளில் ‘f = 64/Re’ மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். f 0.0025 வரும், இழப்பு 0.106 மீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. இந்தக் குழாய்க்குப் பொருந்துவது பிளாசியஸ் கொடுத்த f = 0.316/Re^0.25. இதில் f 0.025, இழப்பு 1.06 மீட்டர். இரண்டும் சரியான ஃபார்முலாக்கள்தான், வேற்றுமை பத்து மடங்கு. தொட்டிக்கும் ஷவருக்கும் மூன்று மீட்டர் உயரம் இருக்கும் வீட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு குழாயிலேயே போய்விடுகிறது. முதல் விடையை நம்பினவர் வீட்டில் ஷவர் சொட்டத்தான் செய்யும்.

இந்த ஒரு சமன்பாட்டுக்குத் தாளில் இவ்வளவு இடம் தரலாம்:

```
h = f (L/D) v²/2g          விடை: m
L, D: m    v: m/s, சராசரி வேகம், v = Q/A
f: டார்சி காரணி, அலகு இல்லை
   Re < 2000          f = 64/Re
   Re 4000–100000     f = 0.316/Re^0.25  (வழுவழுப்பான குழாய்)
   2000–4000          நிச்சயமில்லை
எங்கே: நிரம்பி ஓடும் வட்டக் குழாய், நிலையான ஓட்டம்
```

‘டார்சி காரணி’ என்று பெயரோடு எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. உராய்வுக் காரணி என்ற பெயரில் இரண்டு உருப்படிகள் புழங்குகின்றன. ஃபேன்னிங் காரணி டார்சி காரணியில் கால்பங்கு. நம் ஊரில் புழங்கும் பாடநூல்கள் சிலவற்றில் சமன்பாடே h = 4fLv²/2gD என்று இருக்கும்; அங்கே f = 16/Re, சுழற்சி ஓட்டத்துக்கு 0.079/Re^0.25. பிபிடி தயாரித்தவர் ஒரு ஸ்லைடை ஒரு புத்தகத்திலிருந்தும் அடுத்ததை வேறொன்றிலிருந்தும் எடுத்திருந்தால் (அப்படி எடுப்பது அபூர்வமல்ல) 4 போட்ட சமன்பாடும் 0.316ம் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துவிடும். நம் கணக்கில் விடை 4.2 மீட்டர் ஆகிவிடும். மூன்று மீட்டர் உயரத் தொட்டியால் அந்த நீரைத் தள்ளவே முடியாது. தாளில் இருப்பது எந்த f என்று பார்க்க வரிச்சீர் ஓட்டத்து எண்ணைப் பாருங்கள். 64 என்றால் டார்சி, 16 என்றால் ஃபேன்னிங்.

இனி அலகுகள். அலகை எழுதுவது விடைத்தாளில் அரை மதிப்பெண் வாங்குவதற்கு மட்டும் இல்லை. பிபிடியிலிருந்து இறக்கிய ஃபார்முலாவில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க அதுவே கையில் இருக்கும் சோதனை. ஹேகன்–பொய்சுவேயை எடுங்கள்: μ பாஸ்கல்-நொடி, L மீட்டர், Q நொடிக்கு கனமீட்டர், கீழே D⁴ என்பது மீட்டரின் நாலாம் படி. நொடியும் நொடியும் அடிபட்டு, மீட்டர்கள் நாலும் அடிபட்டு, பாஸ்கல் மட்டும் மிஞ்சுகிறது. அவசரத்தில் D² என்று எழுதியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் 128க்குப் பதில் 182 என்று எழுதியிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. வெறும் எண்ணுக்கு அலகில்லை. 4f குழப்பமும் இந்த வலையில் விழாது.

நாலாம் படி இருக்கும் இடத்தில் விட்டத்தை மில்லிமீட்டரிலேயே போட்டால் தவறு லட்சம் கோடி மடங்கு. அவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்து குறைவு. பாகுநிலையில் வருவதுதான் நுட்பமான தவறு. எண்ணெய் டப்பாவின் விவரத்தாளில் சென்டிஸ்டோக் என்று இருக்கும். அது இயக்கப் பாகுநிலை ν, அலகு m²/s. μவுக்கு அலகு Pa·s. அடர்த்தியால் பெருக்காமல் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட முடியாது. போதாக்குறைக்கு ν என்பதைக் கையால் எழுதினால் வேகத்தைக் குறிக்கும் v மாதிரியே இருக்கும். தாளில் μவை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ν = μ/ρ, 1 cSt = 10⁻⁶ m²/s’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

அலகு அடிபடாத ஃபார்முலாவும் உண்டு. குடிநீர்த் திட்டங்களில் புழங்கும் ஹேசன்–வில்லியம்ஸ் அந்த ரகம்: h = 10.67 L Q^1.852 / (C^1.852 D^4.87). அளந்து பார்த்துப் பொருத்திய சமன்பாடு இது, 10.67 என்ற எண்ணுக்குள்ளேயே அலகு ஒளிந்திருக்கிறது. Qவை நொடிக்கு கனமீட்டரிலும் Dயை மீட்டரிலும் போட்டால்தான் அந்த எண் செல்லும். இத்தகைய ஃபார்முலாவுக்குப் பக்கத்தில் ‘அலகை மாற்றாதே’ என்று சிவப்பில் எழுத வேண்டும். நம் குழாய் பிவிசி என்று வைத்து C = 150 போட்டால் 0.97 மீட்டர் வருகிறது. முன்பு வந்த 1.06க்குப் பக்கம்தான், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சமன்பாட்டில் பாகுநிலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் தண்ணீருக்கு மட்டும் இது செல்லும். எண்ணெய்க்குப் போட்டால் கணக்கு எந்த எதிர்ப்பும் காட்டாமல் ஒரு பொய்யான விடையைக் கொடுக்கும்.

பெர்னோலி பற்றி நீட்ட வேண்டியதில்லை. நிலையான ஓட்டம், அடர்த்தி மாறாத திரவம், உராய்வு இல்லை, ஒரே ஓடுகோட்டின் மேல் இரண்டு புள்ளிகள், நடுவில் பம்பு இல்லை. இவற்றை எழுதிவிட்டு, ‘இரு பக்கமும் கேஜ் அழுத்தம், அல்லது இரு பக்கமும் தனி அழுத்தம்’ என்று சேர்த்தால் போதும்.

எழுதி முடித்த தாளைப் பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்துச் சோதிக்கலாம். பிபிடியை மூடிவிட்டுத் தாளை மட்டும் வைத்துக் கணக்குகளைப் போடுங்கள். பிபிடியைத் திறக்கக் கை போகும் ஒவ்வொரு இடத்திலும் தாளில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். குழாய்ப் பாடத்தில் அது பெரும்பாலும் முழங்கை, வால்வு, திடீர்க் குறுக்கம் ஆகியவற்றின் சில்லறை இழப்பில் நிகழும். h = K v²/2g என்று எழுதியிருப்பார்கள், Kக்கு அட்டவணையும் இருக்கும். பெரிய குழாய் திடீரெனச் சிறுத்தால் இரண்டு வேகங்கள் இருக்கின்றனவே, அதில் எந்த v? குறுக்கத்துக்குப் பிறகு சிறிய குழாயில் இருக்கும் வேகம். இதை ஆசிரியர் வகுப்பில் வாயால் சொல்லியிருப்பார், ஸ்லைடில் இருக்காது. நம் வீட்டுக் குழாயில் விட்டம் மாறாததால் அந்தச் சந்தேகம் வராது. மரையிட்ட முழங்கை ஒன்றுக்கு K சுமார் 0.9 என்று வைத்தால் ஆறு முழங்கைகள் இன்னொரு 0.29 மீட்டரைத் தின்னும்.