டீச்சர் ஊருக்குப் போகிறார், டியூஷன் போனுக்கு வருகிறது

"திங்கள் முதல் டியூஷன் ஆன்லைனில் நடக்கும்" என்று ஒற்றை வரியை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பத்தே நிமிடத்தில் கேள்விகள் வரிசையாக வரும். எத்தனை மணிக்கு? எந்தப் போனில்? பீஸ் குறையுமா? எல்லாப் பெற்றோரும் அதையேதான் கேட்பார்கள் என்பதால், முதல் செய்தியிலேயே பதில்களையும் சேர்த்து எழுதிவிடுவது டீச்சருக்குத்தான் லாபம்.

மதுரையில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டக் கணக்கு எடுக்கும் ஒரு டீச்சரை வைத்துக்கொள்வோம். அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் போகிறார். அவர் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் சிகிச்சைக்காக வெளியூர் செல்கிறேன். நவம்பர் 10 திங்கள் முதல் 13 வியாழன் வரை வகுப்பு ஆன்லைனில் நடக்கும். மாலை 6.30 முதல் 7.20 வரை. நான்கு நாளும் ஒரே லிங்க்தான். 14 வெள்ளி நான் திரும்பும் நாள், வகுப்பு இல்லை. 15 சனி முதல் வழக்கம்போல் வீட்டில். வெள்ளிக்கிழமை வகுப்பை 16 ஞாயிறு காலை 10 மணிக்கு எடுத்துவிடுவேன். இம்மாதப் பீஸில் மாற்றம் இல்லை. பிள்ளை எந்தப் போனில் சேரும், அதில் என்ன பெயர் தெரியும் என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள்."

பயண நாளை விடுமுறை என்று துணிந்து சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ரயிலில் இருந்தபடி எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஊர் தாண்டினால் டவர் போய்விடும். அதேபோல, வழக்கமான ஒன்றரை மணி நேர வகுப்பு ஐம்பது நிமிடமாகச் சுருங்கியதற்கும் காரணம் இருக்கிறது. கூகுள் மீட்டில் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும்; இலவச ஜூமில் 40 நிமிடம்தான். மீதி நேரத்துக்குப் பிள்ளைகள் வீட்டில் கணக்குப் போட்டு, எட்டரை மணிக்குள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பலாம்.

போன் பெயர் எதற்கு என்று சிலர் யோசிக்கலாம். பல வீடுகளில் பிள்ளை சேர்வது அப்பாவின் போனில். திரையில் அப்பாவின் பெயரோ, கடையின் பெயரோதான் தெரியும். யாரென்று தெரியாமல் டீச்சர் உள்ளே விடவும் முடியாது, வெளியே நிறுத்தவும் முடியாது. அப்பா வேலை முடிந்து ஏழரைக்குத்தான் வருவார் என்றால், அதுவும் முன்பே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையைப் பக்கத்துத் தெரு நண்பனோடு ஒரே போனில் உட்கார வைக்கலாம். தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் வீட்டில், பகலெல்லாம் ரீல்ஸ் பார்த்துவிட்டு மாலையில் டேட்டா தீர்ந்தது என்று நிற்கக் கூடாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய முடிவு, அந்த நான்கு நாளில் எந்தப் பாடத்தை எடுப்பது என்பது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் பலருடைய பழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொடுகோடு வரைதலை எடுத்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைய வேண்டும். 64-இல் 9 போனால் 55, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.4. ஆக, தொடுகோட்டை அளந்தால் 7.4 செ.மீ. வர வேண்டும். 7.1 வந்தால் காம்பஸின் திருகு தளர்ந்திருக்கும், அல்லது மையக்குத்துக்கோடு நடுப்புள்ளியில் விழுந்திருக்காது. நேரில் டீச்சர் பக்கத்தில் நின்று பிள்ளையின் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார். போன் கேமராவில் கையும் தெரியாது, சாய்வாக எடுத்த படத்தில் அளவும் நிற்காது. பொதுத்தேர்வில் வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அந்த இரண்டையும் நேர்வகுப்புக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

திட்ட விலக்கம் ஆன்லைனுக்குப் பொருந்தும். அட்டவணை போட்டு, ஒவ்வொரு நிரலாக நிரப்பும் கணக்கு அது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அடுத்த எண்ணைச் சொல்லச் சொன்னால், கேமராவை அணைத்துவிட்டு எங்கோ போயிருப்பவரும் அகப்பட்டுவிடுவார். இரண்டு முறை பெயர் சொல்லியும் பதில் இல்லையென்றால் டவர் கோளாறாகவும் இருக்கலாம். அன்றிரவு வரும் நோட்டுப் படம் உண்மையைச் சொல்லும். படமும் வராத வீட்டுக்கு டீச்சர் மறுநாள் காலையிலேயே போன் செய்ய வேண்டும், அதுவும் குழுவில் பெயர் போடாமல்.

பீஸ் பற்றி யாராவது முகம் சுளித்தால், ஞாயிறு வகுப்பைக் காட்டலாம். தொடுகோடு கணக்கு அன்றைக்குத்தான். காம்பஸ், கூரான பென்சில், ஸ்கேல் மறக்காமல் கொடுத்தனுப்பச் சொல்லி சனிக்கிழமை இரவு இன்னொரு செய்தி போட வேண்டியிருக்கும்.