ஒரே எலும்பு, இரண்டு எண்கள்

உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று துல்லியமாக அறிந்துகொள்ள 'டெக்ஸா' ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் நகரங்களிலும் வந்துவிட்டது. ஆற்றலில் வேறுபட்ட இரண்டு ஊடுகதிர்களை உடலில் செலுத்தி, அவை எந்தெந்த அளவில் தடுக்கப்படுகின்றன என்பதைக் கொண்டு கொழுப்பு, தசை, எலும்பு மூன்றையும் பிரித்துக் கணக்கிடும் கருவி அது. எனவே, கொழுப்பின் அளவைத் தேடிச் சென்றவருக்கு எலும்பு அடர்த்தியும் சேர்ந்தே கிடைக்கிறது. அதன் அருகில் டி-ஸ்கோர், இசட்-ஸ்கோர் என்று இரண்டு எண்கள். பெரும்பாலும் அவற்றின் முன்னால் ஒரு கழித்தல் குறி. அந்தக் குறியைப் பார்த்த மாத்திரத்தில் கலங்குவோரும் உண்டு. அருகில் 'இயல்பு' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டிய மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடுவோரும் உண்டு.

இந்த இரண்டு எண்களும் எலும்பின் அளவுகள் அல்ல, ஒப்பீடுகள். டி-ஸ்கோர், நம் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடுகிறது. இசட்-ஸ்கோர், நம் வயதையும் பாலினத்தையும் சேர்ந்தவர்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. முதலாவது, 'எலும்பு உச்ச வலுவோடு இருக்கும் பருவத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோம்' என்ற கேள்விக்கு விடை. இரண்டாவது, 'நம் வயதினரிடையே நாம் எந்த இடத்தில் நிற்கிறோம்' என்ற கேள்விக்கு விடை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்கு உலக அளவில் பரவலாகப் பயன்படும் ஒப்பீட்டுத் தரவு, அமெரிக்க வெள்ளையினப் பெண்களிடம் எடுக்கப்பட்டது. அதன்படி, 20 முதல் 29 வயது வரையிலான பெண்களின் சராசரி அடர்த்தி, சதுர சென்டிமீட்டருக்கு 0.858 கிராம். ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே இந்த அளவு ஏறியும் இறங்கியும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் 'திட்ட விலக்கம்' 0.120 கிராம். இதை ஒரு படி என்று கொள்ளலாம். 62 வயதுப் பெண் ஒருவரின் அளவு 0.546 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இளம் வயதுச் சராசரியைவிட 0.312 குறைவு. அதை 0.120 ஆல் வகுத்தால் 2.6. எனவே அவருடைய டி-ஸ்கோர் −2.6, அதாவது இரண்டரைப் படிகளுக்கும் சற்றுக் கீழே.

அவருடைய வயதை ஒத்த பெண்களின் சராசரியோ ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். அதை ஏறத்தாழ 0.70 என்று கொண்டால், அவருடைய இசட்-ஸ்கோர் −1.3 அளவிலேயே வரும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பை இழப்பது பலருக்கும் நேர்வதால், தானும் அந்தப் பலருள் ஒருவர் என்பதை மட்டுமே இசட்-ஸ்கோர் அவருக்குச் சொல்கிறது. விழுந்தால் எலும்பு தாங்குமா என்பதற்கு அதில் விடை இல்லை. ஆகவேதான் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் டி-ஸ்கோரைக் கொண்டே நோய் தீர்மானிக்கப்படுகிறது. −1 வரை இயல்பு, −1-க்கும் −2.5-க்கும் இடைப்பட்டது அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை நோய். நம் உதாரணப் பெண்ணுக்குச் சிகிச்சை தேவைப்படலாம்.

இளையோருக்கு நிலைமை தலைகீழ். 32 வயது ஆண் ஒருவரின் அறிக்கையில் டி-ஸ்கோர் −1.3 என்றும், அருகே மஞ்சள் நிறத்தில் 'அடர்த்திக் குறைவு' என்றும் அச்சாகி வரக்கூடும். ஆனால், எந்தக் குறையும் இல்லாத இளைஞர்களிலும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் −1-க்குக் கீழேதான் இருப்பார். சராசரியும் திட்ட விலக்கமும் வகுக்கப்பட்ட முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. சராசரிக்குக் கீழே இருப்பதாலேயே குட்டையானவர் நோயாளி ஆகிவிடுவதில்லை, இதுவும் அப்படித்தான். 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் மாதவிடாய் தொடரும் பெண்களுக்கும் இசட்-ஸ்கோரையே பார்க்க வேண்டும் என்பது நெறிமுறை. அது −2 அல்லது அதற்கும் கீழே இருந்தால், 'வயதுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் குறைவு' என்று குறிப்பிடுவார்கள். அப்போதும் அடர்த்தியை மட்டும் வைத்து எலும்புப்புரை என்று முடிவு கட்டுவதில்லை. வைட்டமின் டி பற்றாக்குறை, தைராய்டு அல்லது பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து என்று காரணத்தைத் தேடுவார்கள்.

இவ்வளவையும் விட முக்கியமான கேள்வி, அந்த எண் எந்த எலும்புக்கு உரியது என்பது. −2.5 என்ற எல்லையை உலக சுகாதார அமைப்பின் ஆய்வுக் குழு 1994-இல் முன்வைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் இடுப்பு, முதுகெலும்பு, முன்கை ஆகிய இடங்களின் அடர்த்தியையும், அங்கு எலும்பு முறியும் வாய்ப்பையும் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்ட எல்லை அது. உடல் கொழுப்பை அளக்கும் ஸ்கேனோ தலை முதல் பாதம் வரை உடல் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் படமெடுத்து, ஒட்டுமொத்தமாக ஓர் எண்ணைத் தருகிறது. அதில் மண்டையோடும் அடக்கம். உடலிலேயே மிக அடர்த்தியான எலும்புகளுள் ஒன்றான அது சராசரியை உயர்த்திவிடுகிறது. மேலும், மொத்த எலும்புக்கூட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இறுகிய புறணி எலும்பு. முதுகெலும்பில் நிறைந்திருக்கும் பஞ்சு போன்ற எலும்புதான், மாதவிடாய் நின்ற பிறகு முதலில், வேகமாகக் கரைகிறது. அங்கு ஏற்படும் இழப்பு, உடல் முழுவதற்குமான கணக்கில் மறைந்துபோகிறது.

எனவே, மேலே சொன்ன 62 வயதுப் பெண் உடல் கொழுப்பு ஸ்கேனை மட்டும் எடுத்திருந்தால், அவருடைய முழு உடல் டி-ஸ்கோர் −0.9 என்று, 'இயல்பு' என்ற முத்திரையோடு வந்திருக்கக்கூடும். அதே நாளில் அதே கருவியில் இடுப்பை மட்டும் தனியாக எடுத்திருந்தால் −2.6 தெரிந்திருக்கும். இரண்டும் சரியாக அளக்கப்பட்ட எண்களே. ஆனால், முழு உடல் எண் பெரியவர்களுக்கு எலும்புப்புரையைத் தீர்மானிக்க உதவாது.

இடுப்பு, முதுகெலும்பு ஸ்கேன்களுக்கும் வரம்புகள் உண்டு. கருவி பார்ப்பது தட்டையான நிழற்படத்தை. ஆகவே சிறிய உடல்வாகு கொண்டோரின் எலும்பு, இருப்பதைவிடச் சற்று அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். முதியோரின் முதுகெலும்பில் தேய்மானத்தால் முளைக்கும் எலும்புத் துருத்தல்கள் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். ஒப்பீட்டுத் தரவு மாறினால், அதே அடர்த்திக்கு டி-ஸ்கோரும் மாறும். வெவ்வேறு நிறுவனக் கருவிகளில் எடுத்த எண்களை அருகருகே வைத்து 'எலும்பு தேறிவிட்டது' என்றோ 'கரைந்துவிட்டது' என்றோ சொல்ல முடியாது.

ஆகவே, அறிக்கை கைக்கு வந்ததும் கழித்தல் குறிக்கு முன்பாக மூன்று விவரங்களைத் தேட வேண்டும்: எந்த இடத்து எலும்பு, எந்த ஒப்பீட்டுத் தரவு, நம் வயதுக்கு உரிய எண் எது? மாதவிடாய் நின்ற பெண்கள் முழு உடல் எண்ணைக் கண்டு நிம்மதி கொள்ளாமல், இடுப்பு, முதுகெலும்பு ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தாலும், பெற்றோருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். எலும்பு முறிவுகளில் பல, −2.5 என்ற எல்லையைத் தொடாதவர்களுக்கே நேர்கின்றன.

பரிசோதனை நிலையங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. முழு உடல் எண்ணின் அருகே 'இயல்பு', 'குறைவு' என்ற முத்திரைகளை அச்சிடுவதை அவை நிறுத்த வேண்டும். 'இந்த எண் நோயைத் தீர்மானிப்பதற்கு அல்ல' என்ற ஒரு வரியைத் தமிழில் சேர்த்தாலே, ஓர் இளைஞரின் வீண் அச்சமும் ஒரு மூதாட்டியின் இடுப்பு முறிவும் தவிர்க்கப்படலாம்.